தங்கத்தில் எத்தனை லாட் போடுவது?

"டர்பனில் இருக்கிறேன், சேமிப்பு 2,00,000 ராண்ட். XAUUSD-இல் 0.10 லாட் வாங்கி, 30 டாலர் கீழே ஸ்டாப் வைக்கலாமா?"

0.10 வேண்டாங்க, அது அதிகம். பெரும்பாலான புரோக்கர்களிடம் 1 லாட் என்பது 100 அவுன்ஸ், அதனால் 0.10 என்றால் 10 அவுன்ஸ். விலை 30 டாலர் இறங்கினால் 300 டாலர் போய்விடும். டாலரை 18 ராண்ட் என்று வைத்தால் 5,400 ராண்ட், உங்கள் சேமிப்பில் 2.7 சதவீதம்.

லாட்டை முதலில் முடிவு செய்யாதீர்கள், இழப்பை முதலில் முடிவு செய்யுங்கள். 1 சதவீதம் என்றால் 2,000 ராண்ட், அதாவது சுமார் 111 டாலர். அதை 30-ஆல் வகுத்தால் 3.7 அவுன்ஸ் வரும். மேலே ஏற்றாமல் 3 ஆகக் குறையுங்கள், 0.03 லாட். ஸ்டாப் அடித்தால் 90 டாலர், 1,620 ராண்ட்தான் போகும், ஸ்ப்ரெட்டுக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

நாளைக்குச் சந்தை அதிகம் ஆடி ஸ்டாப்பை 60 டாலர் தள்ளி வைக்க வேண்டி வந்தால் லாட்டை 0.01 ஆக்குங்கள்; லாட்டுக்காக ஸ்டாப்பை நெருக்கினால் சாதாரண ஆட்டத்திலேயே வெளியே தள்ளிவிடும்.

அப்புறம், வெள்ளிக்கிழமை இரவு திறந்தே விட்டால் திங்கள் விலை ஸ்டாப்பைத் தாண்டித் திறக்கலாம், அப்போது இந்தக் கணக்கு நிற்காது. வார இறுதிக்கு முன் மூடிவிடுங்கள்.