வாட்ஸ்அப் பேச்சில் தெரிவது விருப்பமா, மரியாதையா: எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி: எனக்கு வயது 28, கோவையில் வேலை. நண்பனின் திருமணத்தில் அறிமுகமான ஒரு பெண்ணுடன் மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் பேசி வருகிறேன். எதை அனுப்பினாலும் பத்து நிமிடத்துக்குள் பதில் வந்துவிடும், ஸ்மைலி இல்லாமல் ஒரு மெசேஜ்கூட இருக்காது, தினமும் "சாப்டீங்களா" என்று கேட்பார். ஆனால் பெரும்பாலும் நான்தான் பேச்சை ஆரம்பிக்கிறேன். போன வாரம் கொடிசியா புத்தகக் கண்காட்சியிலிருந்து, நான் முன்பு சொன்ன ஒரு நாவலைப் படம் எடுத்து, "இதுதானே நீங்க சொன்னது? வாங்கட்டுமா?" என்று அவரே அனுப்பினார். அவருக்கு என்மீது விருப்பம் இருக்கிறதா, அல்லது எல்லோரிடமும் இப்படித்தான் பேசுவாரா?

பதில்: நீங்கள் சொன்னவற்றில் எனக்குப் பொருட்படுத்தத் தக்கதாகத் தோன்றுவது கடைசியில் வரும் அந்தப் படம் ஒன்றுதான். மற்ற மூன்றும் விருப்பம் உள்ளவரிடமும் இருக்கும், இல்லாதவரிடமும் இருக்கும். கையில் எப்போதும் போன் வைத்திருப்பவர் அலுவலகக் குழுவுக்கும் பத்து நிமிடத்தில்தான் பதில் போடுவார். ஸ்மைலி இல்லாத பதில் கோபமாக இருப்பதுபோல் தெரியும் என்பதால், புதிதாக அறிமுகமானவருக்கு எழுதும்போது பலர் அதைப் பழக்கமாகவே சேர்த்துவிடுகிறார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்பது நம் ஊரில் வணக்கம் சொல்வதற்குச் சமம். இந்த மூன்றும் சேர்ந்து, அவர் உங்களை வெறுக்கவில்லை, உங்களோடு பேசுவதில் அவருக்குச் சங்கடம் இல்லை என்பதைக் காட்டுகின்றன. அதற்கு மேல் எதையும் அவற்றிலிருந்து எடுக்க முடியாது.

இவ்வளவு எளிய விஷயம் ஏன் உங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது என்றால், படிப்பவர் நீங்கள் என்பதால். 2009ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் சில நிமிடங்கள் மட்டும் பேசிப் பிரியும் துரித அறிமுகச் சந்திப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். எதிரில் இருப்பவர் தன்னிடம் காதல் தொனியில் பேசினாரா என்று ஒவ்வொருவரும் சொன்ன கணிப்பு, எதிராளியின் உண்மையான எண்ணத்தைவிட, கணித்தவர் தாமே எந்த எண்ணத்தில் பேசினார் என்பதோடுதான் அதிகம் பொருந்தியது. அதாவது, நம் மனத்தில் இருப்பதைத்தான் எதிரே இருப்பவரிடம் பார்க்கிறோம். நேரில் முகமும் குரலும் இருக்கும்போதே இப்படி என்றால், வெறும் எழுத்தில், அதுவும் இரவில் தனியாகப் படுத்துக்கொண்டு படிக்கும்போது, இது இன்னும் கூடுதலாகவே நடக்கும். ஆகவே முதல் வேலையாக உரையாடலை மேலிருந்து திறந்து, உங்கள் வரிகளை விட்டுவிட்டு அவருடைய வரிகளை மட்டும் தொடர்ச்சியாகப் படியுங்கள். அவற்றை அவர் தன் கல்லூரித் தோழனுக்கோ அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கோ அனுப்பியிருந்தால் உங்களுக்கு விசித்திரமாகப் பட்டிருக்குமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டிருக்காது என்றால் அந்த வரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்படிக் கழித்த பிறகு மிஞ்சுவதில் ஒன்றை மட்டும் தேட வேண்டும்: செய்யாமல் விட்டிருந்தாலும் யாரும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள் என்ற இடத்தில், அவராக எதையாவது செய்திருக்கிறாரா? வந்த மெசேஜுக்குப் பதில் போடுவது ஒரு கடமை. போடாவிட்டால் மரியாதைக் குறைவு. ஆனால் யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் உங்களை நினைத்து ஒரு மெசேஜ் அனுப்புவதை எந்த மரியாதையும் கோருவதில்லை. ஒரு மாதிரி உரையாடலை வைத்து இதைப் பார்ப்போம். "நேத்து பைக் பஞ்சர் ஆகி சிங்காநல்லூர்ல ஒரு மணி நேரம் நின்னேன்" என்று நீங்கள் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அய்யய்யோ, பாத்துப் போங்க" என்று வந்தால் அது பரிவான மரியாதை. அங்கேயே பேச்சு முடிந்துவிடுகிறது, மறுபடி ஆரம்பிக்க வேண்டியவர் நீங்கள்தான். "அப்புறம் எப்படி வீட்டுக்குப் போனீங்க?" என்று வந்தால், நீங்கள் சொன்னதற்குள் நுழைந்து கேட்ட தொடர்கேள்வி அது, பேச்சு நீள்வதில் அவருக்கும் பங்கு இருக்கிறது. "எனக்கும் போன மாசம் இப்படித்தான் ஆச்சு, அப்பாவைக் கூப்பிட்டேன், வந்து நல்லா திட்டு வாங்கினேன்" என்றால், நீங்கள் கேட்காமலே தன் வாழ்க்கையிலிருந்து ஒன்றை எடுத்துத் தருகிறார். மூன்று நாள் கழித்து, நீங்களே மறந்துவிட்ட பிறகு, "பைக் சரியாயிடுச்சா?" என்று அவரே ஆரம்பித்தால், இடைப்பட்ட நாட்களில் நீங்கள் அவர் நினைவில் இருந்திருக்கிறீர்கள். இவற்றில் எது ஒன்றும் தனியாகக் காதலை நிரூபிக்காது என்றாலும், முதல் வகையே வந்துகொண்டிருப்பதற்கும், பின்னால் சொன்னவை அடிக்கடி கலந்து வருவதற்கும் உள்ள வேறுபாடு பெரியது.

இதோடு, ஒவ்வொரு நீண்ட இடைவெளிக்குப் பிறகும் பேச்சைத் திறந்தவர் யார் என்று பாருங்கள். ஃபார்வர்டு மெசேஜ், பண்டிகை வாழ்த்து, வேலை நிமித்தமான கேள்வி ஆகியவற்றை எண்ணாதீர்கள். நீங்கள் இரண்டு மூன்று நாள் எதுவும் அனுப்பாமல் இருந்தபோது அங்கிருந்து ஏதாவது வந்ததா என்பதுதான் பார்க்க வேண்டியது. இதைச் சோதிப்பதற்காக வேண்டுமென்றே பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் இயல்பாகவே அப்படிப்பட்ட இடைவெளிகள் இருந்திருக்கும், அவற்றைப் பாருங்கள்.

தொடர்கேள்வி பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உரையாடலில் அதிகம் கேள்வி கேட்பவரை, குறிப்பாகத் தொடர்கேள்வி கேட்பவரை, எதிராளிக்கு அதிகம் பிடித்துப்போகிறது என்று கண்டறிந்தார்கள். அவர்கள் அளந்தது கேட்கப்பட்டவரின் விருப்பத்தை. கேட்டவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை அல்ல. இயல்பிலேயே நன்றாகக் காதுகொடுத்துக் கேட்கும் ஒரு பெண் உங்களிடம் அக்கறையாக நாலு கேள்வி கேட்டதால் உங்களுக்கு அவரைப் பிடித்துப்போய், அந்தப் பிடித்தலையே அவருடைய விருப்பத்துக்குச் சாட்சியாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கவும் கூடும். ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் மிக அதிகமாகக் காண்பது இந்தச் சிக்கலைத்தான். திருமணத்தில் உங்களோடு அறிமுகமான மற்ற நண்பர்களிடமும் அவர் இப்படித்தான் விசாரித்துப் பேசுகிறார் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமென்றால், அதன் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் அதைத் துருவித் துருவி விசாரிக்கப் போக வேண்டாம்.

அவர் உங்களை எப்படி அழைக்கிறார் என்பதையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். கொங்குப் பகுதியில் கணவன் மனைவிக்கு இடையிலும் "ங்க" போட்டுப் பேசுவது வழக்கம் என்பதால், அவர் இன்னும் "நீங்க" என்றே எழுதுவது விலகலுக்கு அடையாளம் இல்லை. இதுவரை பெயர் சொல்லிப் பேசியவர் திடீரென்று "அண்ணா" என்று ஆரம்பித்தால் மட்டும் கவனியுங்கள். கடைக்காரரையும் பேருந்து நடத்துநரையும் அண்ணா என்று அழைக்கும் ஊர் என்றாலும், இருந்த அழைப்பை இடையில் மாற்றுவது பெரும்பாலும் யோசித்துப் போட்ட எல்லைக்கோடுதான். அதைக் கேலியாகத் திருப்பி, "அண்ணான்னு மட்டும் சொல்லாதீங்க" என்று கெஞ்சுவது அவரை இன்னும் சங்கடப்படுத்தும்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நியாயமாகப் பேசியதாகாது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் தலைமையில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், எதிராளி காதல் தொனியில் பேசாதபோது அதைப் பெரும்பாலோர் சரியாகக் கணித்தார்கள். உண்மையிலேயே அந்தத் தொனியில் பேசியபோது பெரும்பாலோர் கவனிக்கத் தவறினார்கள். நம் சூழலில் ஒரு பெண் தன் ஆர்வத்தை எழுத்தில் காட்டினால் அது ஸ்கிரீன்ஷாட்டாக எங்கெங்கே போகும் என்று தெரியாது என்பதால், விருப்பம் இருந்தும் அடக்கி எழுதுவதற்கு நல்ல காரணம் உண்டு. அவர் பேச்சைக் குறைவாகத் தொடங்குகிறார் என்பதை மட்டும் வைத்து விருப்பமில்லை என்று முடிவு கட்ட முடியாததற்கு இதுவே காரணம். கண்காட்சியின் நெரிசலுக்கு நடுவே நீங்கள் முன்பு சொன்ன நாவல் அவருக்கு நினைவுக்கு வந்தது, அதைப் படம் எடுத்தார், உங்கள் யோசனையையும் கேட்டார். நான் மேலே சொன்ன அளவுகோலில் இது ஓர் உண்மையான அடையாளம். ஆனால் மூன்று வாரத்தில் ஒன்று மட்டுமே என்பதால், உங்கள் நிலையை இப்போதைக்கு "நல்ல நட்பு, அதற்கு மேலும் இருக்கலாம்" என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

அந்த "இருக்கலாம்" என்பதை இன்னும் நூறு மெசேஜ்களைப் படித்துத் தீர்க்க முடியாது. நாளும் இடமும் குறிப்பிட்டு, அவரால் எளிதாக மறுக்கக்கூடிய ஓர் அழைப்பை நீங்களே விடுங்கள். அந்த நாவலையே சாக்காக வைத்து, "புக் முடிச்சுட்டீங்களா? உங்களோட பேசறது எனக்குப் பிடிச்சிருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபி குடிக்கலாமா? வசதிப்படலைன்னா பரவாயில்லை, தயங்காம சொல்லுங்க" என்ற அளவில் எழுதினால் போதும். உங்கள் எண்ணம் என்ன என்பது அதில் தெரிகிறது, மறுப்பதற்கும் வழி இருக்கிறது. பொது நண்பனைத் தூது அனுப்பாதீர்கள். நண்பன் முகத்துக்காக அவர் தன் உண்மையான பதிலை இன்னும் மென்மையாக மறைக்க வேண்டியிருக்கும்.

பதிலைப் படிக்கும்போது சம்மதம், மறுப்பு என்ற இரண்டை மட்டும் பார்க்காதீர்கள். "சனிக்கிழமை முடியாது, ஞாயிறு காலை வரட்டுமா?" என்பது, வடிவத்தில் மறுப்பாக இருந்தாலும், தெளிவான விருப்பம், மாற்று நாளை யோசிக்கும் சிரமத்தை அவரே எடுத்துக்கொண்டிருக்கிறார். "என் ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வரேன்" என்றால் பாதுகாப்புக்காகவும் இருக்கலாம், இதை நட்பாகவே வைத்துக்கொள்வோம் என்பதற்காகவும் இருக்கலாம். மகிழ்ச்சியாகச் சரி சொல்லுங்கள், நேரில் பார்த்தால் தெரிந்துவிடும். "இந்த வாரம் கொஞ்சம் பிஸி, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி, வேறு நாளும் சொல்லாமல் விட்டால், "சரிங்க, பரவாயில்லை" என்று மட்டும் எழுதி நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்குள் அவராக அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்றால் அது மறுப்புதான். நேரடியாக இல்லை என்று சொல்வது நம் ஊர்ப் பழக்கத்தில் கடினம் என்பதால் அவர் தேர்ந்தெடுத்த நாகரிகமான வழி அது. அதன் பிறகு ஏன் என்று கேட்டோ, ஸ்டேட்டஸில் சோகப் பாட்டு வைத்தோ அவரை மறுபடி பதில் சொல்ல வைக்காதீர்கள். நட்பாக மட்டும் பேசுவது உங்களுக்கு இயலும் என்றால் சில நாள் இடைவெளி விட்டு வழக்கம்போலப் பேசலாம். இயலாது என்றால் மெசேஜ்களைக் குறைத்துக்கொள்ளலாம்.