72 மணி நேரத்தில் முடியாமல் போன நிழல் விளையாட்டு: கேள்வி பதில்

கேள்வி: குறித்த நேரத்துக்குள் ஒரு விளையாட்டை உருவாக்கி முடிக்க வேண்டிய லுடம் டேர் கேம் ஜாமில், கோடோ என்ற கேம் எஞ்சினில் நாங்கள் மூவர் சேர்ந்து தொடங்கிய விளையாட்டின் கோப்புகளை அனுப்பியிருக்கிறேன். 12 லெவல் திட்டமிட்டோம். 2 மட்டுமே உருவாயின. எங்கே சறுக்கினோம்?

பதில்: உங்கள் விளையாட்டின் கரு இது: ஆடுபவர் நடந்த பாதையை விளையாட்டு பதிவு செய்கிறது, பிறகு காலம் பின்னோக்கிச் செல்ல, அவருடைய நிழல் அதே பாதையில் மறுபடி நடக்கிறது, இருவரும் சேர்ந்து பொத்தான்களை மிதித்துக் கதவைத் திறக்க வேண்டும். அருமையான கரு. கேட்பதற்கு இது ஒரே ஓர் அம்சம் போலத் தோன்றினாலும், காலம் பின்னோக்கிச் சென்றதும் கதவு, பெட்டி, லிஃப்ட், எதிரி என ஒவ்வொன்றும் தொடக்க நிலைக்குத் திரும்பியாக வேண்டும். நீங்கள் சேர்த்த ஒவ்வொரு பொருளும் இந்த வேலையைக் கூட்டிக்கொண்டே போனது. நிரலில் செய்த மாற்றங்களைப் பட்டியலிடும் `git log`-இல் இரண்டாம் நாள் முழுவதும் பெட்டியைப் பற்றிய திருத்தங்களாகவே இருக்கிறது. முதல் சுற்றில் தள்ளிய பெட்டியை இரண்டாம் சுற்றில் ஆடுபவரே முன்கூட்டி நகர்த்திவிட்டால், நிழல் எதைத் தள்ள வேண்டும்? இதற்கு விடை காணாமலேயே மூவரும் நிரல் எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் லெவல்களின் எண்ணிக்கையைக் குறைத்திருந்தாலே போதுமே?

பதில்: பாதி சரி. அது கடைசி நாள் வேலையைக் குறைத்திருக்கும். ஆனால் உருவான இரண்டு லெவல்களிலும் எல்லாப் பொருள்களும் இருக்கின்றன என்பதால் அடிப்படைச் சிக்கல் அப்படியே நின்றிருக்கும். பொத்தானையும் கதவையும் மட்டும் வைத்திருந்தால் நிலைமை வேறு. பொத்தான்மேல் இந்தக் கணம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தால் போதும். கதவு அதைப் பின்பற்றும். எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை, எனவே எதையும் பழைய நிலைக்குத் திருப்பவும் வேண்டியதில்லை. பெட்டி அப்படியல்ல, தான் இருக்கும் இடத்தை அது சுமந்துகொண்டே வருகிறது. நானாக இருந்தால் முதலில் பெட்டியைத்தான் வெட்டியிருப்பேன்.

வேறொரு வாசகரின் கேள்வி: இவர்கள் விளையாட்டில் நிழல் சில சமயம் மேடையைத் தவறவிட்டு விழுவதைப் பார்த்தேன். அழுத்திய விசைகளை, சீரான இடைவெளியில் ஓடும் `_physics_process`-இல் பதிவு செய்திருந்தால் சரியாக ஓடியிருக்குமே?

பதில்: பெரும்பாலும் ஓடியிருக்கும். இவர்கள் விசைகளை `_process`-இல் பதிவு செய்தார்கள். அது திரையின் வேகத்தோடு ஏறி இறங்கும் என்பதால், தாவல் ஒரு ஃபிரேம் தாமதமானாலும் நிழல் விளிம்பைத் தவறவிடும். ஜாமுக்கு நான் இன்னும் எளிய வழியைச் சொல்வேன். இருக்கும் இடத்தையே பதிவு செய்யலாம்.

```gdscript
var track = []

func _physics_process(_delta):
    track.append(global_position)
```

கோடோ எஞ்சினில் இது இயல்பாக நொடிக்கு 60 முறை ஓடும். 30 நொடிக்கு 1,800 இடங்கள், நினைவகத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. குறை என்னவென்றால், இம்முறை மூடியிருக்கும் கதவையும் நிழல் ஊடுருவிச் சென்றுவிடும். உங்கள் முறையில் அது கதவில் முட்டி நிற்கும், விளையாட்டாக அதுவே சுவையானது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் சுவை ஒரு நாள் வேலைக்கு ஈடாகுமா என்பது ஒவ்வொரு குழுவும் தானே முடிவு செய்ய வேண்டியது.

மற்றொரு வாசகரின் கேள்வி: எங்கள் குழுவிலும் இதேதான்! படம் வரைபவர் பாதியில் விலகியதால் தோற்றோம்.

பதில்: உங்களுடையது வேறு கதையாக இருக்கலாம். வெறும் சாம்பல் நிறக் கட்டங்களை வைத்து உங்கள் விளையாட்டைக் கடைசிவரை ஆட முடிந்ததா? முடிந்திருந்தால் குறை படத்தில்தான். முடியவில்லை என்றால் அவர் இருந்திருந்தாலும் முடிந்திருக்காது.

முதலில் கேட்டவரின் கேள்வி: கடைசி மணி நேரத்தில் பிரவுசருக்காக எக்ஸ்போர்ட் செய்தபோது கதவின் படம் மட்டும் வரவில்லை. விண்டோஸில் நன்றாகத்தான் ஓடியது.

பதில்: நிரலில் `res://art/door.png` என்று இருக்கிறது, கோப்பின் பெயரோ `Door.png`. விண்டோஸ் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. எக்ஸ்போர்ட் செய்த தொகுப்பு பொருட்படுத்தும். மற்ற படங்களை எடிட்டரிலேயே இணைத்திருந்ததால் அவை தப்பித்தன. முதல் நாள் மாலையே, நகரும் ஒரு கட்டம் மட்டும் இருக்கும்போதே எக்ஸ்போர்ட் செய்து பதிவேற்றிப் பார்த்துவிட்டு, படம் சேர்க்கும்போதெல்லாம் அதைத் திரும்பச் செய்திருந்தால் இந்தப் பிழை சேர்த்த அன்றே தெரிந்திருக்கும்.

கேள்வி: குழுவாகச் சேர்ந்தால்தான் திட்டம் பெருத்துப் போகிறது. அடுத்த முறை 48 மணி நேரப் பிரிவில் தனியாக இறங்கட்டுமா?

பதில்: அந்தப் பிரிவில் படம், இசை எல்லாவற்றையும் அதே நேரத்துக்குள் நீங்களே உருவாக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். இருந்தாலும் உங்கள் கணிப்பில் உண்மை இருக்கிறது. நிழல் இயங்கும்வரை மற்ற இருவரும் காத்திருந்த வேளையில்தான் எதிரியும் லிஃப்டும் பிறந்திருக்கின்றன. காத்திருப்பவர் புதுப் பொருள் எதையும் சேர்க்காமல், பொத்தானையும் கதவையும் வைத்தே தாளில் லெவல்கள் வரையட்டும். முதல் இரவு தூங்கப் போகும் முன், குழுவில் இல்லாத ஒருவரிடம் ஒரு லெவலைக் கொடுத்துப் பாருங்கள். அவரால் முடிக்க முடியவில்லை என்றால், மறுநாள் காலை முதல் வேலையாகப் பொருள்களில் ஒன்றை நீக்குங்கள்.