குடும்பக் கம்பெனியின் குறிப்பு 31: தொகையைவிட நிலுவையைப் பாருங்கள்

கேள்வி: அப்பா இறந்த பிறகு, எங்கள் குடும்ப நூற்பாலையில் (பிரைவேட் லிமிடெட்) அவருடைய 12% பங்கு என் பெயருக்கு வந்தது. சித்தப்பாதான் நடத்துகிறார். மூன்று வருடமாக டிவிடெண்ட் இல்லை, "லாபமே இல்லையே" என்கிறார். ஆண்டறிக்கையில் குறிப்பு 31 என்று 'ரிலேட்டட் பார்ட்டி' பட்டியல் இருக்கிறது: சித்தப்பா சம்பளம், சித்திக்குக் கிடங்கு வாடகை, அவர்கள் மகனின் நெசவு நிறுவனத்துக்கு நூல் விற்பனை. இதை எப்படிப் படிப்பது? பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் ஒன்று, அந்தப் பட்டியலில் பெயர் வந்தாலே தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மகன் தறி ஓட்டுகிறார், அப்பா நூல் விற்கிறார், கொங்கு நாட்டில் இது சாதாரணம். சட்டமும் இதைத் தடுக்கவில்லை, வெளியே காட்டு, தேவையான இடத்தில் ஒப்புதல் வாங்கு என்றுதான் சொல்கிறது. அதனால் யார், எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், என்ன நிபந்தனையில் என்று கேளுங்கள். குறிப்பில் நிபந்தனையை எழுதமாட்டார்கள், ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

நீங்கள் அனுப்பியதில் என் கண் போய் நின்றது மகனின் நிறுவனத்து வரியில்தான். வருட விற்பனை 3.60 கோடி. அதே குறிப்பின் கீழ்ப்பாதியில், மார்ச் 31 அன்று வரவேண்டிய நிலுவை என்று 2.70 கோடி. பலர் மேல்பாதியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து வையுங்கள்: மாதம் 30 லட்சம் விற்பனை, பாக்கி 2.70 கோடி, அதாவது ஒன்பது மாத நூலுக்குப் பணம் வரவில்லை.

மற்ற வாடிக்கையாளர்கள் எப்படி? மொத்த விற்பனை 24 கோடி, மொத்த வரவேண்டிய பாக்கி 5.10 கோடி. இதில் மகனுடையதைக் கழித்தால் 20.40 கோடி விற்பனைக்கு 2.40 கோடி பாக்கி, சுமார் 43 நாள் கடன். (பாக்கியில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும், விற்பனையில் சேராது, அதனால் இரண்டிலும் நாள் கணக்கு கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். ஒப்பிடுவதற்கு அது இடைஞ்சல் இல்லை.) ஊரில் இருக்கிற எல்லோருக்கும் 43 நாள், வீட்டுப் பிள்ளைக்கு ஒன்பது மாதம்.

ஒருவேளை பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் நிறைய நூல் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம். அதற்கு இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, பக்கத்திலேயே இருக்கும் போன வருட எண்: 2.05 கோடி பாக்கி. அதற்கும் முந்தைய வருடம் 1.30 கோடி. ஒவ்வொரு மார்ச்சிலும் ஏறிக்கொண்டே போவது கடைசி மாத விற்பனை மாதிரித் தெரியவில்லை. 2.05-ஓடு இந்த வருட விற்பனை 3.60-ஐக் கூட்டி 2.70-ஐக் கழியுங்கள், 2.95 கோடிதான் திரும்பி வந்திருக்கிறது. கொடுத்ததைவிட வாங்கியது குறைவு. இன்னொன்று, வரவேண்டிய பாக்கிக்கு வயது வாரியான அட்டவணை. 2021-22 முதல் எல்லாக் கம்பெனிகளும் அதைத் தனிக் குறிப்பாகக் கொடுக்க வேண்டும்: ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், ஒன்று முதல் இரண்டு வருடம் என்று போகும். இந்த வயதைப் பணம் கட்ட வேண்டிய கெடு தேதியிலிருந்து எண்ணுவார்கள். மாதாமாதம் சீராக விற்று, எல்லோருக்கும் போல 43 நாள் கெடு என்றால், ஜிஎஸ்டியை விட்டுப் பார்த்தாலும் இந்த 2.70-ல் சுமார் 47 லட்சம் ஆறு மாதம் தாண்டிய கட்டத்தில் இருக்க வேண்டும். அங்கே சுழியம் இருந்தால், எப்படி என்று கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

சரி, இதனால் உங்களுக்கு என்ன நஷ்டம்? சராசரி பாக்கி 2.37 கோடி. எல்லோருக்கும் போல 43 நாள் கடன் என்றால் 42 லட்சம்தான் நிற்க வேண்டும். மிச்சம் 1.95 கோடி மகனின் தொழிலுக்குக் கம்பெனி வட்டியில்லாமல் கொடுத்திருக்கும் கடன், பெயர் மட்டும்தான் விற்பனை பாக்கி. உங்கள் கம்பெனி வங்கியில் ஓவர்டிராஃப்ட் கடன் எடுத்து நடக்கிறது, வட்டி பத்து சதவீதம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 19 லட்சத்துக்கு மேல் போகிறது. அறிக்கையில் வரிக்கு முந்தைய லாபம் 18 லட்சம். "லாபமே இல்லை" என்பதற்கு ஒரு பெரிய காரணம் இங்கேயே இருக்கிறது.

வாடகையும் சம்பளமும் இதன் முன்னால் சின்ன விஷயம். வாடகைக்குக் கிடங்கின் சதுர அடியைக் கேட்டு, அக்கம்பக்கத்தில் என்ன விலை என்று விசாரியுங்கள், அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள், வாடகை நியாயமாக இருந்து அட்வான்ஸ் பெரிதாக இருப்பதும் உண்டு. சம்பளத்துக்குப் பிரைவேட் கம்பெனியில் சட்ட உச்சவரம்பு இல்லை, அவர் முழுநேரமும் ஆலையில் நிற்கிறார் என்றால் அதில் சண்டை போட வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம், பட்டியலில் இல்லாத பெயர்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கம்பெனிச் சட்டம் 'உறவினர்' என்று சொல்வது கணவன்-மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மருமகள், மருமகன், உடன்பிறந்தவர், கூட்டுக் குடும்ப உறுப்பினர், அவ்வளவுதான். மச்சினன், சகலை, சம்பந்தி யாரும் அதில் வரமாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு பங்குதாரரின் கம்பெனி, நிர்வாகியின் மனைவியின் தம்பியிடம்தான் பேக்கிங் அட்டைப்பெட்டி முழுவதும் வாங்கிக்கொண்டிருந்தது, குறிப்பில் ஒரு வரி இல்லை. அந்த அம்மா டைரக்டராக இருந்திருந்தால் அதே தம்பி ஒரு டைரக்டரின் உடன்பிறந்தவர் ஆகி, பட்டியலுக்குள் வந்திருப்பார். உங்கள் சித்தி டைரக்டரா என்று எழுதவில்லை. இல்லை என்றால், அவர் கையில் பெரிய பங்கும் இல்லை என்றால், அவர் பிறந்த வீட்டுப் பக்க வியாபாரத்தைக் குறிப்பு 31-ல் தேடிப் பயனில்லை, பெரிய சப்ளையர்கள் யார் என்று நேரில்தான் கேட்க வேண்டும்.

ஆடிட்டர் கையெழுத்து இருக்கிறதே என்றால், அது விவரத்தைக் காட்டியிருக்கிறார்களா, சட்டப்படி ஒப்புதல் வாங்கினார்களா என்பதற்கு. இந்தக் கடன் கம்பெனிக்கு நல்லதா என்று அவர் சொல்வதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. டைரக்டர்கள் அறிக்கையோடு ஏஓசி-2 என்ற படிவம் இருக்கும். அதில் மகனின் நிறுவனத்தை எந்தப் பகுதியில் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், முதல் பகுதி வெளியாளுக்குக் கொடுக்கும் நிபந்தனைக்கு மாறான ஒப்பந்தங்களுக்கு, இரண்டாவது அதே நிபந்தனையில் நடந்த பெரிய ஒப்பந்தங்களுக்கு. இரண்டாவதில் இருந்தாலோ, எதிலுமே இல்லாவிட்டாலோ, "வெளியாளுக்கும் ஒன்பது மாதம் கடன் உண்டா" என்று எழுத்தில் கேட்கலாம். பிரிவு 189-ன்படி பராமரிக்கும் ஒப்பந்தப் பதிவேட்டைப் பதிவு அலுவலகத்தில் அலுவலக நேரத்தில் பார்க்க, நகல் கேட்க, பங்குதாரராக உங்களுக்கு உரிமை உண்டு.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓட்டுப் போட்டு மாற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம், பிரைவேட் கம்பெனியில் சம்பந்தப்பட்டவரே தன் பங்குக்கு ஓட்டுப் போடலாம் என்று 2015-லிருந்து விலக்கு இருக்கிறது. ஆனால் 10% பங்கு வைத்திருப்பவர் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், உங்களிடம் 12 இருக்கிறது, சித்தப்பாவுக்கும் அது தெரியும். அது வரை போகாமல் முதலில் கடிதம் எழுதுங்கள், குற்றம் சாட்டாமல், மூன்றே கேட்டு: மகனின் நிறுவனத்தின் முழு லெட்ஜர், அதே மாதங்களில் அதே ரக நூலை வெளியாருக்கு விற்ற பில்கள், அந்த 2.70 கோடியை எந்தத் தேதிக்குள் எத்தனை தவணையில் வசூலிப்பார்கள் என்ற அட்டவணை.