பூச்சாடி ஏன் மிதக்கிறது?

வணக்கம் சார். எங்கள் வீட்டு மேஜைப் படத்தில் டீ கெண்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பூச்சாடியை ஒட்டினேன். ஓரமெல்லாம் சுத்தமாக வெட்டி, நிழலும் போட்டேன். ஆனாலும் சாடி மிதப்பது போலவே இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

படத்தைப் பெரிதாக்கியதும் முதலில் தெரிந்தது, கெண்டி மூக்கின் நிழல். கெண்டி போயும் அது மேஜையில் அப்படியே கிடக்கிறது. சாடியை ஒட்டும் முன் அதைத் துடைத்து, வெறும் மேஜையாக்கிவிடுங்கள்.

அப்புறம் அளவு. கெண்டி இருந்த உயரத்துக்குச் சாடியை இழுத்திருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டு, பக்கத்திலுள்ள கோப்பையைப் பாருங்கள். படத்தில் அது 210 பிக்சல். வீட்டில் அளந்தால் 7 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், அப்படியானால் 1 செ.மீ.க்கு 30 பிக்சல். சாடி 24 செ.மீ. என்றால் 720 பிக்சல் வர வேண்டும். சாடியின் அடி கோப்பைக்கு நேராக இருக்கும் வரைதான் இந்தக் கணக்கு. பின்னால் தள்ளினால் சிறிதாக்க வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கஷ்டமானது. சாஸர் 420 பிக்சல் அகலம், 140 உயரமுள்ள நீள்வட்டமாகத் தெரிகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் 180 பிக்சல் அகலமுள்ள சாடியின் அடி, நடுவில் 30 பிக்சலாவது கீழே வளைந்து இறங்க வேண்டும். உங்கள் சாடியில் அது நேர்கோடு, ஏனென்றால் சாடியை அதன் மட்டத்துக்குக் குனிந்து எடுத்திருக்கிறீர்கள். இதை எந்த நிழலாலும் சரிக்கட்ட முடியாது. மேஜையை எடுத்த அதே சாய்வில் மறுபடி எடுங்கள்.

இனி நிழல். நீங்கள் போட்டது ஒரே நிழல், அதுவும் முழுக்க ஒரே மாதிரி மங்கலாக்கியது. கோப்பைக்கு அடியில் உற்றுப் பாருங்கள். மேஜையைத் தொடும் இடத்தில் மெல்லிசாக ஒரு கருங்கோடு ஓடும். அந்த இடுக்குக்குள் எந்தப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் புக முடியாது. அதனால் ஜன்னல் பக்கத்தில்கூட அந்தக் கோடு உண்டு. சாடி மேஜையில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணுக்குச் சொல்வதே அதுதான். அதைத் தனி லேயரில் `Multiply` வைத்து வரையுங்கள். `Gaussian Blur` 2, 3 பிக்சல் போதும். நிறம் சுத்தக் கறுப்பு வேண்டாம். கோப்பையின் அடியிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து விழும் நீண்ட நிழல் இன்னொரு லேயர். அது கோப்பை நிழலின் திசையிலேயே போய், சாடியை விட்டு விலக விலக மங்க வேண்டும்.

எப்படியும் மறுபடி எடுக்கத்தானே போகிறீர்கள்? சாடியை அதே ஜன்னலருகே வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுங்கள். இரண்டு நிழலும் தாளில் விழும். அந்தப் பகுதியை மட்டும் `Multiply`-இல் மேஜை மேல் வைத்து, தாள் முழு வெள்ளையாகும்வரை வெளிச்சத்தைக் கூட்டினால், தாள் மறைந்து நிழல் மட்டும் நிற்கும். அதன் மேல் சாடியை வையுங்கள்.