அந்த உலகப் பொருளாதாரம் எத்தனை வெள்ளி?

கேள்வி: சிங்கப்பூர் துவாஸில் மின்சார, ஏர்கான் வேலைகளை எடுத்துச் செய்யும் நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். மொத்தம் 140 பேர். போன வருடம் 900,000 வெள்ளி லாபம், இந்த வருடம் 400,000 வெள்ளி நட்டம். அடுத்த வாரம் டவுன்ஹால் கூட்டத்தில் நான்தான் பேச வேண்டும். "உலகப் பொருளாதாரச் சூழல்" என்று ஆரம்பித்து, "யாருக்கும் வேலை போகாது" என்று முடிக்கச் சொல்கிறார் முதலாளி. உள்ளதை உள்ளபடி சொன்னால் ஆட்கள் பயந்துவிட மாட்டார்களா? கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: உங்கள் ஆட்கள் ஏற்கெனவே பயந்துதான் இருக்கிறார்கள். ஓவர்டைம் குறைந்துவிட்டதும், சப்ளையர் போன் மேல் போன் போடுவதும் அவர்களுக்குத் தெரியாதா என்ன? எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் நீங்கள் மேடை ஏறுகிறீர்கள்.

சரி, கணக்குத் தாளுக்கு வருவோம். போன வருட லாபத்துக்கும் இந்த வருட நட்டத்துக்கும் நடுவே 1,300,000 வெள்ளி இருக்கிறது. அது எங்கே போனது? விற்பனை ஒரு மில்லியன் குறைந்திருக்கிறது. நூறு வெள்ளி வேலை செய்தால் இருபது வெள்ளி நிற்கும் தொழில் உங்களுடையது என்பதால், அதனால் போனது 200,000. வங்கி வட்டி 150,000 கூடியிருக்கிறது. சம்பளம், லெவி, விடுதி வாடகை எல்லாம் சேர்ந்து இன்னொரு 200,000. இந்த மூன்றையும் தாராள மனத்தோடு உலகப் பொருளாதாரத்தின் தலையில் கட்டினாலும் 550,000தான் ஆகிறது. மீதி 750,000 வெள்ளி ஒரே ஒரு வேலையில் போயிருக்கிறது. தாளின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த வேலையைத்தான் உங்கள் பேச்சில் முதலில் சொல்ல வேண்டும்.

நீங்கள் எழுதியிருக்கும் குறிப்பிலிருந்து நடந்தது புரிகிறது. விலையை முன்பே நிர்ணயித்துவிட்ட ஒப்பந்தம். கொட்டேஷனில் கேபிள் நீளத்தைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள். அது பாதி. இன்னொரு பாதி, கட்டுமான இடத்தில் ஆலோசகர் வாயால் சொன்ன கூடுதல் வேலைகள். இதை மாற்று, அதை அந்தப் பக்கம் நகர்த்து என்று அவர் சொல்லச் சொல்லச் செய்துகொடுத்திருக்கிறார்கள். கூடுதல் வேலைக்கான உத்தரவை, அதாவது வேரியேஷன் ஆர்டரை, எழுத்தில் வாங்கவில்லை. கடைசியில் பில் போட்டபோது "யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டார்கள். இந்தத் தொழிலில் நட்டம் பெரும்பாலும் வருவது இந்த வழியில்தான்.

ராத்திரி ஓவர்டைம் பார்த்து அந்தக் கேபிளை இழுத்தவர்கள் உங்கள் அரங்கில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் உலகப் பொருளாதாரம் என்று ஆரம்பித்தால், அதற்கு மேல் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். உண்மையான வட்டிக் கணக்கையும்கூட.

ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. "இந்த வேலையில் 750,000 போனது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அரங்கில் எல்லாத் தலைகளும் அந்தக் குழுவின் பக்கம் திரும்பும். அதனால் தொகையைச் சொன்ன அதே மூச்சில், தவறான முடிவு எந்த மேசையில் எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஏறக்குறைய இப்படி: "அந்தக் கொட்டேஷனை அளவு சரிபார்க்காமல் அனுப்பச் சொன்னது நிர்வாகம். எழுத்து உத்தரவு இல்லாமல் கூடுதல் வேலை செய்யக்கூடாது என்ற விதியை நாங்கள் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. களத்தில் இருந்தவர்கள் தங்களுக்குச் சொன்னதைச் செய்தார்கள்." இதை உங்கள் முதலாளியே எழுந்து சொன்னால் இன்னும் நல்லது. மாட்டேன் என்பார். கேட்டுப் பாருங்கள்.

அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்ற பகுதி. "செலவைக் கட்டுப்படுத்துவோம், திறனைக் கூட்டுவோம்" என்பதெல்லாம் காகிதத்துக்கு நல்லது, காதுக்கு ஆகாது. 750,000 போன ஓட்டையை எப்படி அடைக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். கொட்டேஷன் வெளியே போகும் முன் அளவை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்ப்பார், அவர் யார் என்று சொல்லுங்கள். எழுத்து உத்தரவு இல்லாமல் கூடுதல் வேலை கிடையாது என்றால், ஆலோசகர் நின்றுகொண்டு அவசரப்படுத்தும்போது சூப்பர்வைசர் யாருக்குப் போன் போட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். "வேலையை நிறுத்தினாய்" என்று பிறகு அவரைத் திட்டமாட்டீர்கள் என்று எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் நிர்வாகத்தின் பாரத்தைக் கீழே இருப்பவர் தோளுக்கு மாற்றியதாகத்தான் ஆகும்.

இப்போது அந்த "யாருக்கும் வேலை போகாது". இதைச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? நீங்கள் மேலாளர், முடிவு முதலாளியுடையது, ஓரளவு வங்கியுடையது. மூன்று மாதம் கழித்து நான்கு பேரை அனுப்ப வேண்டி வந்தால், மிச்சம் 136 பேரும் நினைத்துக்கொள்வது உங்கள் குரலைத்தான். அதற்குப் பதிலாக, முடிவானது எது, முடிவாகாதது எது, முடிவாகாதது எந்தத் தேதியில் முடிவாகும் என்று பிரித்துச் சொல்லுங்கள். "ஜூன் வரை ஆட்குறைப்பு இல்லை, இது முடிவு. அதற்கு அப்புறம் இரண்டு டெண்டர்களின் முடிவைப் பொறுத்தது. ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை மறுபடியும் இதே இடத்தில் சொல்கிறேன்." தேதி சொன்னால் ஆட்கள் பொறுத்திருப்பார்கள். தேதி இல்லாத ஆறுதலைத்தான் தாங்கமாட்டார்கள்.

ஆட்குறைப்பு வந்தால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்பார். தெரிந்துகொண்டு போங்கள். குறைந்தது 10 பேர் வேலை செய்யும் உங்களைப் போன்ற நிறுவனம், ஊழியரிடம் சொன்ன ஐந்து வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டுத் தொகை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் என்பது இங்கே வழக்கத்தில் உள்ள அளவு.

போனஸ் விஷயத்தில் மழுப்ப வேண்டாம். 13-ஆவது மாதச் சம்பளம் வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அது கொடுக்க வேண்டிய பணம். வருடம் மிக மோசம் என்றால் குறைத்துக்கொள்ள ஊழியர்களிடம் பேசிக் கேட்கலாம், தானாக வெட்டிவிட முடியாது. ஒப்பந்தத்தில் இல்லாத போனஸ் இந்த வருடம் இல்லை என்றால், இல்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். சம்பளத்தில் கை வைக்கப்போகிறீர்கள் என்றால் முதலாளியும் நீங்களும் எவ்வளவு குறைத்துக்கொண்டீர்கள் என்பது முதலில் வர வேண்டும். தேசியச் சம்பள மன்றமும் நிர்வாகம் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்லி வந்திருக்கிறது.

பேசி முடித்ததும் கேள்விகளைக் கவனியுங்கள். பேருந்து நேரம், கேண்டீன் சாப்பாடு பற்றி மட்டும் கேட்டால் அவர்கள் உங்களை நம்பவில்லை, வெளியே போய்த் தனியாகப் பேசிக்கொள்வார்கள். "அந்த இரண்டாவது ஆள் லீவில் இருந்தால் கொட்டேஷனை யார் பார்ப்பது?" என்று ஒருவர் கேட்டால் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம், கட்டாயம் வரப்போகும் ஒரு கேள்வி: "இந்த மாதச் சம்பளம் வருமா?" லாப நட்டக் கணக்கில் இதற்குப் பதில் இருக்காது. வங்கியில் கையிருப்பு எத்தனை மாதச் சம்பளத்துக்குத் தாங்கும் என்ற எண் வேண்டும். உங்கள் தாளில் அது இல்லை. கணக்காளரிடம் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.