படத்தில் தெரியும் திகதியும் தெரியாத திகதியும்

கேள்வி: டொக்டர், நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். கல்யாணம், பாடசாலை விழா என்றால் மட்டும் கொன்டாக்ட் லென்ஸ் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போட்டேன். நேற்றிலிருந்து வலக்கண் சிவந்து உறுத்துகிறது. லென்ஸ் திரவம் சித்திரைப் புத்தாண்டன்று திறந்தது. ஏழு மாதமாகியும் அரைவாசி இருக்கிறது. அம்மாவுக்குக் கடந்த வருடம் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தபோது கொடுத்த துளிமருந்தும் மீதி இருக்கிறது. இரண்டு போத்தலையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டிலும் திகதி முடியவில்லை என்று நினைக்கிறேன். அந்தத் துளிமருந்தை விடலாமா?

பதில்: விட வேண்டாம், டீச்சர். லென்ஸைத் திரும்பவும் போடவும் வேண்டாம். லென்ஸ் போட்ட கண் சிவந்து உறுத்தினால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அதைக் கருவிழித் தொற்று என்றே நாங்கள் பார்ப்போம். இன்று முடியாவிட்டால் நாளைக் காலையிலாவது நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் பிரிவுக்குப் போய்விடுங்கள். வலி கூடினால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் நாளை என்ற பேச்சே இல்லை. அன்றே போக வேண்டும். போகும்போது லென்ஸ், அதன் டப்பா, இரண்டு போத்தல்கள் எல்லாவற்றையும் கழுவாமல் அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் எந்தக் கிருமி இருக்கிறது என்பதைச் சில நேரம் டப்பாவில் கிடந்த திரவமே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். சின்னப் போத்தலின் லேபிளில் MFD 07/2024 என்பது தெளிவாக இருக்கிறது. அது தயாரித்த திகதி. கீழே EXP என்ற எழுத்துக்குப் பிறகு 202 வரை வாசிக்க முடிகிறது. கடைசி இலக்கம் விரல் பட்டுத் தேய்ந்து போயிருக்கிறது. 6 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். நீங்கள் 8 என்று எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. பெரும்பாலான துளிமருந்துகளுக்குத் தயாரித்த நாளிலிருந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆயுள் கொடுப்பார்கள் என்பதால் என் கண்ணுக்கு அது 6. ஆனால் இப்படி ஊகித்து ஒரு மருந்தைக் கண்ணில் விடக்கூடாது. இலக்கம் வாசிக்க முடியாவிட்டால் திகதி முடிந்ததாகவே எண்ணிக்கொள்ளுங்கள். இன்னொரு முறை யாருக்காவது இப்படிப் படம் எடுத்தனுப்ப நேர்ந்தால் பிளாஷ் போடாதீர்கள், அது பளபளப்பில் எழுத்தை விழுங்கிவிடுகிறது. டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பிளாஸ்டிக்கில் அழுத்திப் பதித்த நிறமில்லாத எழுத்துகூட எழுந்து தெரியும். போத்தலைச் சுற்றிலும் அடிப்பக்கத்தையும் எடுங்கள். அட்டைப் பெட்டி இருந்தால் அதையும்.

ஆனால் இந்தச் சின்னப் போத்தலில் என்னைத் திடுக்கிட வைத்தது திகதி அல்ல, மருந்தின் பெயர். அன்டிபயோட்டிக்கோடு டெக்ஸாமெதசோன் சேர்ந்திருக்கிறது. அது ஸ்டீரொயிட். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் வரும் அழற்சியைத் தணிக்க அம்மாவுக்குச் சரியான மருந்துதான். உங்கள் கண்ணில் பூஞ்சையோ, ஹெர்பீஸ் வைரஸோ, அகந்தமீபா என்னும் அமீபாவோ இருந்தால் அதே மருந்து சிவப்பை ஓரிரு நாள் அடக்கிவிட்டு, உள்ளே கிருமி தாராளமாகப் பரவ வழிவிடும். கண் நன்றாகிவிட்டது என்று நினைத்து வீட்டில் இருப்பீர்கள்; வைத்தியரிடம் வரும்போது கருவிழியில் தழும்பு விழுந்திருக்கும். லேபிளில் டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், ப்ரெட்னிசோலோன் என்று எதைக் கண்டாலும் உங்களுக்கென்று ஒருவர் எழுதித் தராமல் தொடாதீர்கள். லயத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த கண்மருந்து நாலு வீடு சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். கொழுந்து பறிக்கும்போது கிளை கீறிய கண்ணில் இந்த மருந்தை விட்டுக்கொண்டு வருபவர்கள் எனக்குத் தரும் வேலை கொஞ்சநஞ்சமல்ல.

இலக்கம் தேயாமல் 2028 என்றே இருந்திருந்தாலும் இந்தப் போத்தல் செல்லாது. EXP என்பது மூடி முத்திரை உடையாமல், சொன்ன வெப்பநிலையில் வைத்திருந்த போத்தலுக்கான வாக்குறுதி. பால்மா பைக்கற்றிலும் அடுத்த வருடத் திகதிதான் இருக்கும். வெட்டித் திறந்துவிட்டு நம் மலைக்காற்றில் விட்டால் எத்தனை நாளில் கட்டி பிடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். துளிமருந்தில் நடப்பது அதைவிட மோசம், ஏனென்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. போத்தலை அமுக்கி விட்டுக் கையைத் தளர்த்தும்போது அது மூச்சை உள்ளிழுக்கிறது. நுனியில் தொங்கும் அரைத்துளியும், இமை பட்டிருந்தால் கண்ணீரும் கிருமியும், அதோடு சேர்ந்து உள்ளே போகும். இதைச் சமாளிக்கத்தான் பென்சல்கோனியம் குளோரைட் போன்ற ஒரு பாதுகாப்புப் பொருளைச் சேர்க்கிறார்கள். அது வரும் கிருமியை ஒரு கட்டம்வரை அடக்கும், காலவரையின்றி அடக்காது. அதனால்தான் பெரும்பாலான துளிமருந்துகளைத் திறந்து நான்கு வாரத்தில் வீசச் சொல்கிறோம். சில போத்தல்களின் நுனியே காற்றும் கிருமியும் திரும்பாதபடி அமைந்திருக்கும். அவற்றில் மூன்று மாதம், ஆறு மாதம் என்றுகூட எழுதியிருக்கும். லேபிள் எதைச் சொல்கிறதோ அதுதான் கணக்கு.

நான்கு வாரத்தில் வீசினால் மருந்து வீணாகாதா என்று கேட்பார்கள். 5 மில்லிலீற்றர் போத்தலில் ஏறக்குறைய 100 துளி, சிலதில் இன்னும் கொஞ்சம் கூட இருக்கும். ஒரு கண்ணுக்கு நாளைக்கு நான்கு துளி என்றால் 25 நாளில் தீர்ந்துவிடும். போத்தலை ஒரு மாதத்துக்குச் சரியாக இருக்கும்படியே அளந்திருக்கிறார்கள். அம்மாவுக்குத் துளிகளைப் படிப்படியாகக் குறைத்திருப்பார்கள், அந்த மிச்சம்தான் உங்கள் அலுமாரியில் இருக்கிறது.

பெரிய போத்தலில் EXP 08/2027 என்று பளிச்சென்று இருக்கிறது. நாள் சொல்லாமல் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை என்று பொருள். ஆக இதில் முத்திரைத் திகதி முடியவில்லை, நீங்கள் சொன்னது சரி. ஆனால் நீங்கள் எடுத்தது முன்பக்கப் படம். போத்தலைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் Discard என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். இந்த வகைத் திரவங்களில் அது அநேகமாகத் திறந்து 90 நாள் என்றுதான் சொல்லும். ஏப்ரல் 14 அன்று திறந்த போத்தலுக்கு 90 நாள் ஜூலை 13 உடன் முடிகிறது. நீங்கள் கல்யாணத்துக்குப் போன ஞாயிறு வந்தபோது அந்தக் கெடு கடந்து நான்கு மாதமாகியிருந்தது.

திறந்த நாளை மறந்திருந்தாலும் போத்தலே அதைச் சொல்லிவிடும். 355 மில்லிலீற்றர் போத்தல் உங்களுடையது. லென்ஸைக் கழற்றித் தேய்த்து, அலசி, டப்பாவின் இரண்டு குழியையும் நிரப்ப ஒரு தடவைக்குச் சுமார் 10 மில்லிலீற்றர் போகும். தினமும் போடுபவருக்கு இந்தப் போத்தல் ஐந்து வாரம் நிற்கும். ஏழு மாதத்தில் பாதி தீர்ந்தது என்றால் பதினேழு பதினெட்டுத் தடவை பாவித்திருக்கிறீர்கள்; விசேஷங்களுக்கு மட்டும் போடுபவருக்கு அது பொருந்துகிறது. அதே வேளை, தினமும் லென்ஸ் போடும் ஒருவர் இதே போத்தலைக் காட்டினால் நான் வேறொன்றைச் சந்தேகிப்பேன்: பழைய திரவத்தைக் கொட்டாமல் மேலே கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருக்கிறார் என்று. டப்பாவில் ஒரு இரவு கிடந்த திரவத்தின் கிருமிகொல்லி லென்ஸிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொண்டும் அழுக்கோடு போராடியும் வலுவிழந்துவிடும். அதன்மேல் புதியதை ஊற்றினால் புதியதும் கெடும்.

உங்கள் விடயத்தில் எனக்குக் கூடுதல் கவலை தருவது இரண்டு விசேஷங்களுக்கு நடுவே டப்பாவில் கிடந்த வாரங்கள்தான். மூடிய டப்பாவில் லென்ஸை எத்தனை நாள் வைக்கலாம் என்பதும் அந்தப் பொடி எழுத்தில் இருக்கிறது. திரவத்துக்குத் திரவம் மாறும். அந்த நாள் கடந்தால் புதுத் திரவத்தில் திரும்பவும் முழு நேரம் ஊறவைத்த பிறகே போடலாம். லென்ஸுக்கும் தனி ஆயுள் உண்டு: மாத லென்ஸ் என்றால் உறையைப் பிரித்த நாளிலிருந்து ஒரு மாதம், எத்தனை முறை போட்டீர்கள் என்பது கணக்கில்லை. கண்ணாடி போட்ட முகத்தோடு கல்யாணப் படத்தில் நிற்க விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு நாள் பாவித்து வீசும் லென்ஸே பொருத்தம். அதற்குத் திரவமும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம். மாத லென்ஸ்தான் வேண்டும் என்றால் 60 அல்லது 120 மில்லிலீற்றர் சின்னப் போத்தலை வாங்குங்கள். பெரியது மலிவாகத் தெரியும். பாதியைச் சாக்கடையில் ஊற்றும்போது அந்த மலிவு போய்விடும்.

டப்பாவை எதில் கழுவுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பீலித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ என்றால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நம் ஊற்றுத் தண்ணீர் குடிக்க இனிக்கலாம், அகந்தமீபாவுக்கும் அங்கே இடமுண்டு. டப்பாவைத் திரவத்தாலேயே அலசி, சுத்தமான திசுத்தாளில் துடைத்து, மூடியைத் திறந்து கவிழ்த்து உலரவிட வேண்டும். மழை மாதத்தில் குளியலறையில் எதுவும் உலராது, அறைக்குள் வையுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை டப்பாவையே மாற்றிவிடுங்கள்.

இரண்டு படத்திலும் நீங்கள் கண்டுகொள்ளாத ஓர் எண் இருக்கிறது. LOT அல்லது B.No என்று தொடங்கும் தொகுதி எண். 2023இல் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் கண்ணில் தொற்று வந்ததையும், அதற்குக் காரணமென்று ஒரு ப்ரெட்னிசோலோன் துளிமருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டதையும் நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய பழுது தயாரிப்பிலேயே நேர்வது. திகதி முடியாத, திறக்காத போத்தலிலும் இருக்கும். அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஒரு தொகுதியைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவித்தால் வீட்டில் இருப்பது அதுதானா என்று பார்க்க அந்த எண்தான் ஒரே வழி. ஆகவே மருந்து தீரும்வரை அட்டைப் பெட்டியை அடுப்பில் போடாதீர்கள்.

வைத்தியர் புதுத் துளிமருந்து தந்தால், திறக்கும் அன்றே திறந்த நாளையும் வீச வேண்டிய நாளையும் போத்தலின் உடம்பில் அழியாத பேனாவால் எழுதுங்கள். மூடியில் எழுதினால் அம்மாவின் போத்தலோடு மாறிப்போகும். எழுதிய இடத்தின் மேலும் அச்சிட்ட EXP இன் மேலும் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிட்டால் அடுத்த முறை 6ஆ 8ஆ என்று நாம் இருவரும் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை.