பேட்டர்ன் மாஸ்டர் வேறு கம்பெனிக்குப் போனால் எந்தப் பரிகாரம்?

"திருப்பூரில் இருந்து சிவில் ஜட்ஜ் தேர்வுக்குப் படிக்கிறேன். மாதிரித்தாள் கேள்வி: 2 வருடம் வேலை செய்வதாகவும், அதுவரை வேறு கம்பெனிக்குப் போவதில்லை என்றும் பனியன் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த பேட்டர்ன் மாஸ்டர், 8 மாதத்தில் போட்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். முதலாளிக்கு என்ன பரிகாரம்? ஏற்றதை ஆற்றுதலா, உறுத்துக் கட்டளையா, இழப்பீடு மட்டுமா? நான் மூன்றாவதைப் போட்டேன். விடைத்தாளில் இரண்டாவது என்று இருக்கிறது."

விடைத்தாள் சரிதான். நீங்களும் பாதி தூரம் சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள். பேட்டர்ன் போடுவது அவருடைய கைத்திறமை. கட்டிங் டேபிள் பக்கத்தில் அமீனாவை நிறுத்தி அதை வாங்க முடியாது. அதனால் 1963-ஆம் வருட ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், பிரிவு 14 ஏற்றதை ஆற்றுதலை மறுக்கிறது. அப்படி மறுக்கப்பட்ட ஒப்பந்தத்தை மீறாமல் தடுக்க உறுத்துக் கட்டளையும் கிடையாது என்கிறது 41(e). நீங்கள் அங்கேயே நின்றுவிட்டீர்கள்.

அடுத்த பிரிவையும் படியுங்கள். 41(e) என்ன சொன்னாலும் சரி, "இதைச் செய்வேன்" என்பதோடு "அதைச் செய்யமாட்டேன்" என்ற உறுதியும் ஒப்பந்தத்தில் இருந்தால், அந்தச் "செய்யமாட்டேன்" பகுதிக்கு உறுத்துக் கட்டளை கொடுக்கலாம் என்கிறது பிரிவு 42. அந்த உறுதி வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ இருக்கலாம். மாஸ்டரை வேலைக்கு இழுத்துவர முடியாது. அடுத்த கம்பெனிக்குப் போகாமல் தடுக்க முடியும். "கொடுக்கலாம்" என்பதால் இது கோர்ட்டின் விருப்புரிமை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதலாளி தன் பக்கத்துக் கடமையை நிறைவேற்றியிருக்க வேண்டும். கேள்வியில் "3 மாதச் சம்பளம் பாக்கி" என்று ஒரு வரி ஒளிந்திருந்தால் உறுத்துக் கட்டளை கிடைக்காது, விடை மாறிவிடும். ஒப்பந்த காலத்துக்குள் இப்படித் தடுப்பதை 1967-இல் நிரஞ்சன் சங்கர் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏற்றது. 2 வருடம் முடிந்த பிறகும் தடுக்கப் பார்த்தால் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27 குறுக்கே வரும்.

நீங்கள் போட்ட விடையைக் கெடுத்தது "மட்டும்" என்ற சொல். பிரிவு 40-இன்படி உறுத்துக் கட்டளையோடு சேர்த்தும் இழப்பீடு கேட்கலாம், ஆனால் பிளெயின்ட்டில் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம், கோச்சிங் சென்டர் வாசலில் விற்கும் ஜெராக்ஸ் கைடுகளைத் தொடாதீர்கள். அட்டையை மட்டும் மாற்றி, உள்ளே பழைய சட்டத்தையே விற்கிறார்கள். காங்கேயத்தில் தோப்பு வாங்கக் கிரய உடன்படிக்கை போட்டவருக்கு ஏற்றதை ஆற்றுதல் கொடுப்பது கோர்ட்டின் விருப்பம் என்று அவற்றில் இருக்கும். 1-10-2018-இல் அமலுக்கு வந்த திருத்தத்தோடு அது போயிற்று. பணமே போதுமான பரிகாரம் என்று காரணம் காட்டி இப்போது மறுக்க முடியாது. பாக்கித் தொகையோடு கிரயத்துக்குத் தயாராக இருந்ததை வாங்குபவர் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். பிரிவு 21-இலும் "பதிலாக" இழப்பீடு என்பது நீங்கி, "கூடுதலாக" மட்டும் நிற்கிறது. கேள்வி எடுப்பவர்களில் சிலரே இன்னும் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள், கேட்க ஆளில்லை. அப்படி ஒரு கேள்வி வந்தால் திருத்தப்பட்ட பிரிவின்படியே விடை போடுங்கள். உத்தேச விடை வெளியானதும், கெடு முடிவதற்குள் பிரிவு எண்ணைக் காட்டி ஆட்சேபம் எழுதிப் போடுங்கள்.